கண்ணாடிப் படமும் கைத்தொலைபேசியும்

இறந்தவரின் படத்தைச் சட்டமிட்டுச் சுவரிலே மாட்டி, அதன் முன்னே விளக்கேற்றி வைப்பது நம் வீடுகளில் நெடுநாளாக நிலவும் வழக்கம். அப்படம் எப்படி இருத்தல் வேண்டும் என்பதற்கு எழுதாத விதியொன்றும் உண்டு. முகம் நேரே நோக்க வேண்டும்; மார்பளவு தெரிய வேண்டும்; கையிலே வேறொரு பொருளும் இருத்தலாகாது. முன்னாளிலே நிழற்படக் கடைக்குச் சென்று கதிரையில் அமர்ந்து எடுத்த படங்களுக்கு இந்த விதி இயல்பாகவே பொருந்திற்று. எடுப்பவர் ஒருவர், எடுக்கப்படுபவர் இன்னொருவர். கருவி படத்துக்கு வெளியே நின்றது.

இன்றோ நிலைமை வேறு. அலுமாரிக் கண்ணாடியின் முன் நின்று, கைத்தொலைபேசியை உயர்த்தித் தம்மைத் தாமே படமெடுத்துக்கொள்ளும் பழக்கம் இளைஞர் எல்லாரிடத்தும் பரவியிருக்கின்றது. எடுப்பவரும் எடுக்கப்படுபவரும் ஒருவரே ஆகிவிட்டபடியால், கருவியும் அதைப் பிடித்த கையும் படத்துக்குள்ளேயே வந்து நின்றுவிடுகின்றன. உயிரோடிருக்கும்வரை அதனால் ஒரு குறையுமில்லை. அப்படத்துக்குரியவர் திடீரென மறைந்துபோனால், எஞ்சிய நல்ல படம் அதுவொன்றே என்ற நிலை ஏற்படும்போதுதான் வீட்டார் திகைக்கின்றனர்.

மன்னார்ப் பெருநிலத்துக் கரையோரக் கிராமங்களில் இத்திகைப்பு இன்னும் கூர்மையானது. 2008ஆம் ஆண்டுப் போர் இப்பகுதியைக் கடந்து சென்றபோது மக்கள் கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு ஓடினர். ஆவணங்களைச் சுமந்தவர் உண்டு. படத் தொகுப்புகளைச் சுமந்தவர் சிலரே. ஆகவே பல வீடுகளில் குடும்பத்தின் படவரலாறு மீள்குடியேற்றத்தின் பின்னரே, அதுவும் கைத்தொலைபேசியிலேதான் தொடங்குகின்றது. ஒரு பிள்ளையின் சிறுபிராயப் படம் இல்லை. பள்ளிப் படம் இல்லை. கண்ணாடியின் முன் எடுத்த படம் மாத்திரம் இருக்கின்றது. அதிலிருந்து தொலைபேசியையும் கையையும் நீக்கித் தரும்படி கேட்டு வருகிறவர்களை நான் அறிவேன். பள்ளிக்கூட ஆண்டு மலருக்குப் படங்களைச் செப்பனிட்டுப் பழகியவன் என்ற காரணத்தால், பாப்பாமோட்டையிலும் அயலிலும் அவ்வேலை சில வேளைகளில் என்னிடமும் வந்து சேருகின்றது.

இதைப் பற்றி இருவகைக் கருத்துகள் நிலவுகின்றன. இறந்தவரின் படத்தைத் தொடுவதே பொய் என்பது ஒரு கருத்து. கணினி இருக்கின்றது, வேண்டியபடி மாற்றிக்கொள்ளலாம் என்பது மற்றையது. இரண்டுமே ஆராய்ந்து பேசிய கருத்துகள் அல்ல என்பது என் துணிபு. தொலைபேசியை நீக்கலாமா என்பதன்று கேள்வி. நீக்கியபின் அங்கே தோன்றும் வெற்றிடத்தை எதனால் நிரப்புகிறோம் என்பதே கேள்வி. அந்த இடத்தில் இருந்தது இன்னதுதான் என்று காட்டுவதற்குப் படத்திலேயே சான்று இருக்குமாயின் நிரப்பலாம். சான்று இல்லையாயின் கை வைத்தலாகாது. இவ்வொரு விதியை வைத்துக்கொண்டு முழு வேலையையும் செய்து முடிக்கலாம் என்பதை ஓர் உதாரணத்தால் காட்ட விரும்புகிறேன்.

முதலில் தொலைபேசி எதை மறைக்கின்றது என்பதைத் தெளிந்துகொள்ள வேண்டும். கண்ணாடியைத் திரும்பக் கட்டுவது என்று பேச்சுவழக்கில் சொல்லுகிறோம். ஆனால் கண்ணாடிக்கென்று சொந்தமாகக் காட்டுவதற்கு ஒன்றுமில்லை. அதன் விளிம்பும் அதன்மேற் படிந்த தூசும் தவிர, நாம் காண்பதெல்லாம் முன்னே நிற்கும் உடலும் பின்னேயுள்ள அறையுமே. ஆகவே கண்ணாடியைக் கட்டுவதென்றால் அறையைக் கட்டுவது. சில இடங்களில் உடலையே கட்டுவது.

மறைக்கப்படும் பரப்பும் நாம் நினைப்பதிலும் பெரியது. ஒருவர் கண்ணாடியிலிருந்து 1 மீற்றர் தள்ளி நிற்கிறார் என்றும், தொலைபேசியைத் தம் உடலுக்கு 40 சென்ரிமீற்றர் முன்னே பிடித்திருக்கிறார் என்றும் கொள்வோம். அப்போது தொலைபேசிக்கும் கண்ணாடிக்கும் இடையே 60 சென்ரிமீற்றர். கண்ணாடிக்குள்ளே தோன்றும் தொலைபேசியின் பிம்பம் படக்கருவியிலிருந்து 120 சென்ரிமீற்றர் தொலைவில் இருக்கும். உடலின் பிம்பமோ 160 சென்ரிமீற்றர் தொலைவில் இருக்கும். அண்மையிலுள்ளது பெரிதாகத் தோன்றுமாதலால், தொலைபேசி தன் அகலத்திலும் உயரத்திலும் மூன்றிலொரு பங்கு கூடுதலான இடத்தை உடலிலே மறைக்கும். 7.5 சென்ரிமீற்றர் அகலமும் 16 சென்ரிமீற்றர் உயரமுமுள்ள கருவி, உடலில் 10 சென்ரிமீற்றர் அகலமும் 21 சென்ரிமீற்றர் உயரமும் கொண்ட இடத்தை விழுங்கிவிடும். ஒரு முகத்தின் உயரமும் ஏறக்குறைய அவ்வளவே. தொலைபேசி தோளுக்கு நேரே இருந்ததா, முகத்துக்கு நேரே இருந்ததா என்பதில் எவ்வளவு தங்கியிருக்கின்றது என்பதை இதிலிருந்து உணரலாம்.

நான் குறிப்பிடும் படம் பாப்பாமோட்டைப் பெண்ணொருத்தியினுடையது. பொங்கல் நாளன்று புதுச் சேலை உடுத்து, அலுமாரிக் கண்ணாடியின் முன் நின்று வலக்கையால் எடுத்தது. அதே ஆண்டிலே நோயுற்று அவள் மறைந்தாள். முப்பத்தொராம் நாள் நினைவு மலருக்கும் சுவரில் மாட்டுவதற்குமாக அப்படத்தைத் தாயார் கொண்டுவந்தார்.

"பிள்ளை போனைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறாள், மாஸ்டர். செத்தவீட்டுப் படத்திலை அது வேண்டாம். அந்தக் கையையும் எடுத்துவிடுங்கோ" என்றார்.

அவரிடம் வேறொரு படமும் இருந்தது. நகரத்துக் கடையொன்றிலே முன்னரே கொடுத்துச் செய்வித்தது. அவர்கள் உருவத்தை மாத்திரம் கத்தரித்து எடுத்து, பின்னே நீல வானத்தையும் வெண்முகிலையும் வைத்திருந்தார்கள். தொலைபேசி இருந்த இடத்தில் வேறெவரோ ஒருத்தியின் தோளும் கையும் ஒட்டப்பட்டிருந்தன. தலைமயிரின் ஓரம் கத்தரித்த காகிதம் போலக் கூராக இருந்தது. காதோரம் பறந்த சிறு மயிர்களெல்லாம் போய்விட்டன. இறந்த ஆடவர்க்குக் கோட்டும் ரையும் அணிந்த உடலொன்றை ஒட்டிக் கொடுக்கும் பழைய கடை வழக்கத்தின் தொடர்ச்சியே இது. தாயார் அப்படத்தை ஏற்கவில்லை. "இது எங்கடை வீடில்லை, இது அவளின்ரை கையுமில்லை" என்ற அவருடைய சொல்லிலே, நான் மேலே கூறிய விதி முழுவதும் அடங்கியிருந்தது.

வேலையின் முதற்படி, தொலைபேசியிலிருந்த மூலப் படத்தையே கேட்டு வாங்குவது. தாயாரிடமிருந்தது வாட்ஸ்அப் வழியாகக் கைமாறிய பிரதி. அவ்வழியே சாதாரணமாக அனுப்பும் படம் நீளப் பக்கத்தில் ஏறக்குறைய 1600 புள்ளிகளாகக் குறுகிவிடும். அங்குலத்துக்கு 300 புள்ளிகள் என்ற அச்சுக் கணக்கின்படி, அது 5 அங்குலத்துக்குச் சற்று மேலான உயரத்துக்கே போதும். மார்பளவாக வெட்டினால் அதுவும் போதாது. மூலப் படத்தில் நீளப் பக்கம் 4000 புள்ளிகள் இருந்தன. அதைப் பிரதி செய்து, மூலத்தைத் தொடாமல் வேறாக வைத்துவிட்டு, பிரதியிலேதான் வேலை தொடங்கிற்று.

இரண்டாவது படி, படத்தை இடம் வலமாகத் திருப்புவது. கண்ணாடியிற் கண்டதைப் படமெடுத்தபடியால், இடத்தோளில் விழுந்த முந்தானை வலத்தோளில் விழுந்தது போலத் தோன்றிற்று. பின்சுவரிலே தொங்கிய நாட்காட்டியின் எழுத்துகள் தலைகீழாக அன்றி இடம் வலம் மாறி நின்றன. கிம்ப் என்னும் இலவச மென்பொருளிலே Flip என்ற கட்டளையால் திருப்பியதும் முந்தானை தன் தோளுக்கு வந்தது, நாட்காட்டியும் வாசிக்கத்தக்கதாயிற்று. அதே வேளையில், கண்ணாடியின் மேற்பரப்பிலே ஒட்டியிருந்த சிறு தாளொன்றின் எழுத்து மாறிப் போயிற்று. ஏனெனில் அது பிம்பமன்று, கண்ணாடியின் மேலேயே ஒட்டப்பட்டது. எது கண்ணாடிக்குள்ளே இருப்பது, எது அதன்மேல் இருப்பது என்பதை அறிய இதனினும் எளிய சோதனை இல்லை. திருப்புவதை முதலிலேயே செய்துவிட வேண்டும் என்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. அதைப் பின்னர்க் கூறுவேன்.

மூன்றாவது, எவ்வளவு நீக்குவது என்று தீர்மானிப்பது. தாயார் கை முழுவதையும் எடுக்கச் சொன்னார். கை முழுவதையும் எடுத்தால் அங்கே தொங்குகின்ற வேறொரு கையைப் புதிதாக உண்டாக்க வேண்டும். அதற்குப் படத்திலே சான்றில்லை. இடக்கையைத் திருப்பி ஒட்டலாமென்றால், அது முந்தானைக்குள் மறைந்திருந்தது. ஆயின் சற்று நிதானித்துப் பார்த்தால் அந்தத் தேவையே இல்லை என்பது புலனாகும். தொலைபேசியைப் பிடிக்கும் கையிலே தோள் முதல் முழங்கை வரையுள்ள மேற்கை பெரும்பாலும் கீழ்நோக்கியே இருக்கும். முன்கைதான் மேலே மடிந்து எழும். ஆகவே மேற்கையை அப்படியே விட்டு, முன்கையையும் விரல்களையும் தொலைபேசியையும் மாத்திரம் நீக்கி, முழங்கைக்குச் சற்று மேலே படத்தை வெட்டினால், அவளுடைய சொந்தக் கையே இயல்பாகத் தொங்குவதாகத் தோன்றும். வெட்டு முழங்கையின் மூட்டிலே விழலாகாது. விழுந்தால் கை துண்டிக்கப்பட்டது போல் இருக்கும்.

இனி வெற்றிடத்தை நிரப்பும் வேலை. வெளிப்புறத்தே கண்ணாடியின் ஓரம். அதனை அடுத்துச் சுவரும் நாட்காட்டியும். உட்புறத்தே தோளும் இரவிக்கையின் கையும். மேலே காதின் கீழ்நுனி. இவை ஒவ்வொன்றுக்கும் சான்று வேறு, முறை வேறு.

ஓரத்தைக் கட்டுவது எளிது போலத் தோன்றும். நேர்கோடுதானே என்று படத்தின் விளிம்புக்கு இணையாக ஒரு கோட்டை இழுத்துவிடுவோர் பலர். தொலைபேசியைச் சற்றுச் சாய்த்துப் பிடித்திருப்பார்களாதலால் அலுமாரியின் கோடுகள் படத்தில் மேல்நோக்கிக் குவிந்தோ விரிந்தோதான் இருக்கும். முன்கை மறைத்த இடத்துக்கு மேலே ஒரு புள்ளி, கீழே ஒரு புள்ளி என ஓரத்திலேயே தெரிகின்ற இரண்டைக் குறித்துக்கொண்டு அவற்றைச் சேர்க்க வேண்டும். இக்கண்ணாடிக்குச் சாய்வாகச் செதுக்கிய ஓரம் இருந்தது. அத்தகைய ஓரம் எதிரிலுள்ளதைச் சற்று விலக்கிக் காட்டும். முன்கையை நீக்கிய பின்பும் அச்சாய்வுப் பட்டையிலே தோலின் நிறமாக ஒரு கீற்று எஞ்சி நின்றது. இதைக் கவனியாது விட்டால், பார்ப்பவர்க்கு எதனாலென்று விளங்காமலே படத்தில் ஏதோ பிழை இருப்பதாகத் தோன்றும்.

சுவருக்கு Clone, Heal என்னும் இரு தூரிகைகள் உதவின. முதலாவது ஓரிடத்தில் உள்ளதை அப்படியே மற்றோரிடத்தில் பதிக்கும். இரண்டாவது, பதிப்பதன் நிறத்தையும் வெளிச்சத்தையும் சுற்றியுள்ள இடத்தோடு இசைவிக்கும். வெறுஞ்சுவரின் நடுவே இரண்டாவதுதான் நல்லது. ஆனால் ஓரத்தின் அருகே அதைக் கொண்டுசென்றால், அலுமாரியின் கருநிறத்தையும் சேர்த்து இழுத்து அழுக்குப் போலப் பூசிவிடும். அங்கே முதலாவதையே பயன்படுத்த வேண்டும். சாளரத்தின் வெளிச்சம் அவளுடைய இடப்புறமிருந்து வந்தபடியால், சுவர் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு மெல்ல மங்கிக்கொண்டு போயிற்று. ஒரே இடத்திலிருந்து எடுத்த துண்டைத் திரும்பத் திரும்பப் பதித்தால் அந்த மங்கல் கெட்டுவிடும். ஒரே கறை இரண்டு இடங்களில் தோன்றி வேலையைக் காட்டிக்கொடுக்கும். ஆகையால் வெற்றிடத்தின் இரு பக்கங்களிலிருந்தும் மாறி மாறி எடுத்து நடுவே இணைத்தேன்.

நாட்காட்டியிலே விரல்கள் மறைத்த எண்கள் மூன்று. ஒரு வரிசையில் 12க்கும் 14க்கும் நடுவே ஒன்று. அதன் கீழே 19க்கும் 21க்கும் நடுவே ஒன்று. அதற்கும் கீழே 26க்கும் 28க்கும் நடுவே ஒன்று. அவை 13, 20, 27 அன்றி வேறாக இருத்தல் இயலாது. அவற்றுக்கு வேண்டிய 1, 2, 3, 0, 7 என்னும் வடிவங்களும் அதே தாளில் வேறிடங்களில் இருந்தன. கண்ணுக்குத் தெரியாததைக் கட்டினேன். ஆயினும் கற்பனை செய்யவில்லை. சான்றுள்ள நிரப்புதல் என்று நான் சொல்வதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைப்பது அரிது.

தோளில் நிலைமை அவ்வளவு உறுதியானதன்று. இரவிக்கையின் கைவிளிம்பு மறைப்புக்கு இரு புறமும் தெரிந்தது; இடையிலுள்ள சிறு பகுதியை அதே துணியால் தொடுத்தேன். தோளின் வளைவும் கழுத்தருகே தொடங்குவதும் மேற்கையில் முடிவதும் தெரிந்தன. இடத்தோளைத் திருப்பி வைத்தால் விரைவில் முடியுமே என்று தோன்றும். ஆனால் இடத்தோள் சாளரத்தை நோக்கி ஒளி பெற்றது. வலத்தோளோ நிழலில் இருந்தது. திருப்பி வைத்தால் ஒரே உடலில் இரு புறமும் இரு சூரியர்கள் இருப்பதாகிவிடும்.

காதின் கீழ்நுனியும் அதிலிருந்த தோடும் தொலைபேசியின் மூலைக்குப் பின்னே மறைந்திருந்தன. அவற்றுக்கு இப்படத்திலே சான்றில்லை. அதே பொங்கல் நாளில் உறவினர் ஒருவர் முற்றத்தில் எடுத்த கூட்டப் படமொன்றில் அவளுடைய வலக்காது தெரிந்தது, தோடும் அதுவே. அதிலிருந்து எடுத்து, அளவைச் சற்றுப் பெருக்கி, வெளிச்சத்தைக் குறைத்து வைத்தேன். அது கண்ணாடியில்லாமல் எடுத்த படம். கண்ணாடிப் படத்தை முதலிலேயே திருப்பியிருந்தமையால் வலக்காது வலக்காதாகவே வந்து பொருந்திற்று. திருப்பாமல் தொடங்கியிருந்தால் ஒவ்வொரு துண்டையும் திருப்ப வேண்டி நேர்ந்திருக்கும்; இடையில் ஒன்று தவறினாலும் முகம் இயல்பை இழந்துவிடும். வேறொருத்தியின் காதை வைத்திருந்தாலும் பார்ப்பவர்க்குத் தெரிந்திராது என்று ஒருவர் கூறலாம். பார்ப்பவர்க்குத் தெரிந்திராது, தாய்க்குத் தெரிந்திருக்கும்.

பொருளை நீக்குவது வேறு, பொருளின் சுவடுகளை நீக்குவது வேறு. தொலைபேசி போய்விட்டது, அது இரவிக்கையின்மேல் வீழ்த்திய மெல்லிய நிழல் போகவில்லை. அதன் திரையிலிருந்து வந்த நீல ஒளி மோவாயின் கீழே படிந்திருந்தது. நிழலைச் சுற்றியுள்ள துணியின் நிறத்துக்குக் கொண்டுவந்தேன். மோவாயின் ஒளியைத் தொடவில்லை. அது முகத்தைச் சேர்ந்தது. வேலை முடிந்ததும் படத்தை மறுபடியும் இடம் வலமாகத் திருப்பிப் பார்ப்பது நல்ல பழக்கம். பழகிப்போன கண்ணுக்குத் தப்பிய பிழை புதிய கோலத்தில் சட்டென வெளிப்படும். இன்னொரு சோதனை, நிரப்பிய இடத்தை நான்கு மடங்கு பெரிதாக்கிப் பார்ப்பது. அறையின் மங்கிய ஒளியில் எடுத்த படமெங்கும் மணல் போன்ற பொடிப் புள்ளிகள் இருக்கும். நிரப்பிய இடம் மாத்திரம் வழவழவென்று இருந்தால் அங்கே கை பட்டிருக்கிறது என்பது வெளிப்படை.

எல்லாம் முடிந்த பின்னும் ஒன்று எஞ்சி நின்றது. அதுதான் பார்வை. கண்ணாடிப் படம் எடுப்பவர் பெரும்பாலும் நம்மைப் பார்ப்பதில்லை. தொலைபேசியின் திரையில் தோன்றும் தம் உருவத்தையே பார்ப்பர். தொலைபேசி படத்தில் உள்ளவரை அப்பார்வைக்குக் காரணம் கண்முன்னே நிற்கின்றது. அதை நீக்கியதும் கண்கள் ஒரு பக்கமாகத் தாழ்ந்து வெறுமையை நோக்குகின்றன. இப்படத்திலும் அவ்வாறே ஆயிற்று.

"கண்ணைக் கொஞ்சம் நேரே பார்க்கச் செய்யேலாதோ, மாஸ்டர்?" என்று அவளுடைய அண்ணன் கேட்டான்.

செய்ய இயலும். கருவிழியை எடுத்து நான்கைந்து புள்ளிகள் நகர்த்தினால் போதும். ஆனால் நான் உடன்படவில்லை. சுவரை நாம் கட்டலாம். 13க்கும் 20க்கும் கணக்கு உண்டு. தோடு வேறொரு படத்தில் உண்டு. அவள் அக்கணத்தில் நேரே பார்த்தாள் என்பதற்குச் சான்று எங்குமில்லை. பார்வை என்பது முகத்தின் ஒரு பகுதி மாத்திரமன்று. அந்தக் கணத்திலே அவள் செய்துகொண்டிருந்த செயல். அதை மாற்றினால், தாய் கொண்டுவந்த படத்திலிருந்த பெண்ணை வேறொருத்தியாக ஆக்கிவிடுகிறோம். தாயார் படத்தை நெடுநேரம் பார்த்திருந்துவிட்டு, "புதுச் சீலையைத்தானே பார்க்கிறாள், இருக்கட்டும்" என்றார். அவ்வாறே இருந்தது.

தொலைபேசி முகத்தையே மறைத்திருந்தால் என்ன செய்வது என்று கேட்கப்படலாம். இளைஞர் பலர் வேண்டுமென்றே முகத்தின் பாதியை மறைத்துப் படமெடுப்பதுண்டு. முகத்தின் இரு பாதிகளும் ஒன்றையொன்று ஒத்தவை அல்ல. தெரிந்த பாதியைத் திருப்பி ஒட்டினால் தெரிந்தவர் யாருக்கும் அடையாளம் தெரியாத முகமொன்று உண்டாகும். அத்தகைய படங்களைத் திருத்த நான் மறுத்துவிடுவது வழக்கம். தொலைபேசியோடேயே மாட்டுங்கள் என்றுதான் சொல்லுவேன். அதில் இழிவொன்றுமில்லை. நம் பாட்டன்மாரின் படங்களில் கடைக்காரர் வைத்த காகிதப் பூச்சாடி நிற்கவில்லையா? அதைப் போல, இக்காலத்தவர் கையில் இக்காலத்துப் பொருள் நிற்கின்றது.

வீட்டுச் சுவருக்கு இவ்வளவு ஆராய்ச்சி எதற்கு என்று சிலர் எண்ணலாம். படம் வீட்டுச் சுவரிலேயே என்றும் நிற்பதில்லை என்பதே என் விடை. 2024 மார்ச் 10ஆம் நாள் இங்கிலாந்தின் வேல்ஸ் இளவரசியும் பிள்ளைகளும் சேர்ந்திருக்கும் குடும்பப் படமொன்று அரண்மனையால் வெளியிடப்பட்டது. மகள் சார்லட்டின் சட்டைக் கையின் ஓரம் ஓரிடத்தில் பொருந்தாமல் நின்றதைக் கண்டவர்கள், படம் திருத்தப்பட்டதென்று கூறினர். உலகச் செய்தி நிறுவனங்கள் சில அன்றைக்கே அப்படத்தை மீளப் பெற்றுக்கொண்டன. மறுநாள், படத்தைத் திருத்தியது தாமே என்று இளவரசி வருத்தம் தெரிவித்தார். ஒரு தாய் தன் பிள்ளைகளின் படத்தை அழகுபடுத்தியதிலே பெரும் பாவமில்லை. ஆனால் வீட்டுப் படமாக எண்ணித் திருத்தியது செய்திப் படமாக வெளிச் சென்றபோது, திருத்தம் சொல்லப்படாமையே குற்றமாயிற்று.

நம் மண்ணிலே இதைவிடப் பாரமான காரணம் உண்டு. 2017 பெப்ரவரி முதல் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் தெருவோரத்தில் அமர்ந்து படங்களை ஏந்தி நின்றதை உலகம் கண்டது. அங்கே படம் அலங்காரமன்று, சாட்சி. இன்னார் இன்ன முகத்தோடு இருந்தார் என்பதற்கு அதுவே ஆதாரம். அப்படிப்பட்ட படத்தில் ஒரு புள்ளியைத் தொட்டாலும், மற்றவை எல்லாவற்றையும் ஐயுறுவதற்கு எதிர்வாதிக்கு இடம் கொடுத்தவர் ஆவோம். இன்று நினைவு மலருக்கென்று செய்த படம் நாளை ஒரு விண்ணப்பத்தோடு இணைக்கப்படலாம். மூலப் படம் இருந்த தொலைபேசி பழுதாகிப் போயிருக்கலாம். அப்போது எஞ்சியிருப்பது நாம் செய்த படம் ஒன்றே.

ஆதலால் கிராமங்களில் இவ்வேலையை ஏற்கும் ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் என் வேண்டுகோள் ஒன்றே. திருத்திய படத்தோடு தொடாத மூலப் படத்தையும் வீட்டாரிடம் கொடுங்கள். இரண்டையும் ஒரே பெயரில் வைக்காதீர்கள். அச்சிட்ட படத்தின் பின்புறத்தில் இரண்டு வரி எழுதுங்கள். மேற்கூறிய படத்தின் பின்னே நான் எழுதியது இதுதான்: "கைத்தொலைபேசியும் வல முன்கையும் நீக்கப்பட்டன. சுவர், நாட்காட்டி, கண்ணாடி ஓரம், இரவிக்கையின் கை, வலத்தோள் ஆகியவற்றின் மறைந்த பகுதிகள் நிரப்பப்பட்டன. வலக்காதின் நுனி அதே நாளில் எடுத்த வேறொரு படத்திலிருந்து வைக்கப்பட்டது. முகமும் பார்வையும் மாற்றப்படவில்லை." சட்டத்துக்குள் மறைந்திருக்கும் அவ்வரிகளை மாலையிட வருபவர் எவரும் வாசிக்கப் போவதில்லை. என்றோ ஒருநாள் சட்டத்தைக் கழற்றுபவர் வாசிப்பார். எதை நம்பலாம், எதை நம்பலாகாது என்பதை அவர் அறிந்துகொள்வார்.